ஒட்டிய டயரே மறுபடி மறுபடி பஞ்சரானால் எங்கே தேட வேண்டும்?

"அண்ணே, கானாடுகாத்தானில் இருந்து தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போறேன். 100 சிசி பைக், டியூப் டயர்தான். ஒன்றரை மாசத்துல பின் டயர் மட்டும் நாலு தடவை பஞ்சர். ஒட்டினா நாலஞ்சு நாள் ஓடுது, மறுபடி காத்து இறங்கிடுது. நடுவுல டியூபையும் மாத்தியாச்சு. முன் டயருக்கு ஒண்ணுமே இல்ல. டயரையே மாத்தணுமா?"

தம்பி, புது டயருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால், இருக்கிற டயரை ரிம்மிலிருந்து முழுசாகக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஒரு மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். டியூபை மாற்றிய பிறகும் பஞ்சர் நிற்கவில்லை என்றால் பழைய டியூபைக் குறை சொல்ல முடியாது. டியூபைக் குத்துகிற ஏதோ ஒன்று சக்கரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் டயர் வேலை பார்த்தவன். நம்ம பக்கத்து வண்டிகளில் இந்த மாதிரி வந்தால் என் மனசு முதலில் போவது சீமைக்கருவேல முள்ளிடம்தான்.

அந்த முள்ளை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். கண்மாய்க் கரை, ஊருணி ஓரம், ஆளில்லாத பெரிய வீடுகளின் பின்கட்டு என்று எங்கு பார்த்தாலும் அதுதான். விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் வெட்டி ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளிலிருந்து சிறு கிளைகள் ரோட்டில் விழும். காய்ந்த முள் ஆணி மாதிரி இறுகிவிடும். ஆனால் ஆணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆணி குத்தினால் தலை வெளியே தெரியும், பிடுங்கிவிடலாம். முள் குத்தினால், வண்டி ஓட ஓட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முறிந்து தேய்ந்து போய்விடும். மூன்று நான்கு மில்லிமீட்டர் முனை மட்டும் ரப்பருக்குள் புதைந்து நிற்கும். அதுவும் கறுத்துப் போய் டயர் நிறத்திலேயே இருக்கும். ரப்பர் அதன் மேல் மூடிக்கொள்ளும்.

அது ஏன் உடனே குத்தாமல் நாலைந்து நாள் விட்டுக் குத்துகிறது? சக்கரம் சும்மா இருக்கும்போது டயர் அதன் இயல்பான வளைவில் இருக்கும், முள் முனை ரப்பருக்குள் அடங்கி நிற்கும். உங்கள் எடை ஏறி, அந்த இடம் தரையில் பட்டு நசுங்குகிற நொடியில் மட்டும் முனை ஒரு மயிரிழை அளவு உள்ளே எட்டிப்பார்த்து டியூபைத் தொடும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தொடல். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்குப் போய் வருவதற்குள் ஆயிரக்கணக்கில் தொட்டுவிடும். டியூப் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒரு நாள் ஊசித்துளை விழும். ஒட்டி மாட்டினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். பின்னால் ஆள் ஏற்றினாலோ, காற்று குறைவாக வைத்து ஓட்டினாலோ நாலு நாள் இரண்டு நாளாகும்.

பின் டயருக்கு மட்டும் இப்படி வருவதற்கும் காரணம் இருக்கிறது. கீழே படுத்துக் கிடக்கும் முள்ளை முன் சக்கரம் ஏறித் தட்டி நிமிர்த்திவிடும். அடுத்த நொடியில் வரும் பின் சக்கரத்தில் அது நேராக ஏறிவிடும். எடையும் பின்னால்தான் அதிகம்.

சரி, கடைக்காரர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். பஞ்சர் ஒட்டும்போது பெரும்பாலும் சக்கரத்தையே கழற்றுவதில்லை. டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லீவர் போட்டுத் தூக்கி, டியூபை உருவி, தண்ணீரில் முக்கி, ஓட்டையை ஒட்டி, டயருக்குள் கையை ஒரு சுற்று விட்டுப் பார்த்து மாட்டிவிடுவார்கள். ரோட்டோரத்தில் காத்திருப்பவருக்கு அவ்வளவுதான் செய்ய முடியும். ஆனால் சும்மா இருக்கும் டயரில் முள் முனை உள்ளே அடங்கியிருப்பதால் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நீங்களே கவனித்துச் சொல்ல முடியும். காற்று எப்போது இறங்குகிறது? மாலையில் அழுத்தமாக இருந்த டயர், வண்டி அசையாமல் நின்ற இரவில் தொய்ந்துவிட்டால், ஒட்டு கசிகிறதா, வால்வு கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வால்வு வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ராத்திரி முழுக்க நின்று, ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் இறங்குகிறது என்றால், எடை ஏறும்போது குத்துகிற பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் நாலைந்து நாள் ஓடுகிறது என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான் காட்டுகிறது.

இப்போது தேடும் முறை. இதில் முக்கியமான வேலை சாக்பீஸ் வைத்துச் செய்வது. டயரை ரிம்மிலிருந்து அசைப்பதற்கு முன்னால், வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் ஒரு கோடு போடுங்கள். டயரின் எந்தப் பக்கம் செயின் பக்கம் என்றும் ஒரு குறி. டியூபை உருவியவுடன் வால்வுக்குப் பக்கத்தில் டியூபின் செயின் பக்கத்திலும் ஒரு குறி. இந்த மூன்று குறி இல்லாமல் டியூபை வெளியே எடுத்துவிட்டால், ஓட்டை கிடைத்தாலும் அது டயரில் எந்த இடத்துக்கு நேர் என்று சொல்ல முடியாது. முழு டயரையும் கண்மூடித் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் டியூபில் கொஞ்சம் காற்று அடித்து, ஒரு அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து, துண்டு துண்டாக முக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்துப் பேனாவால் வட்டம் போடுங்கள். பழைய ஒட்டுகள் அதே டியூபில் இருந்தால் அவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவைதான் சாட்சி. இங்கே பலர் ஒரு தவறு செய்வார்கள். வால்விலிருந்து ஓட்டை வரை டேப் வைத்து இத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதே அளவை டயரில் குறிப்பார்கள். வெளியே எடுத்துக் காற்று அடித்த டியூப் தன் இஷ்டத்துக்கு விரிந்திருக்கும், அந்த அளவு டயருக்குப் பொருந்தாது. அதைவிட டியூபைக் காற்றை இறக்கி, டயரின் மேலேயே சுற்றிலும் சீராக வைத்து, வால்வை வால்வுக் கோட்டுக்கு நேராகப் பொருத்திவிட்டு, ஓட்டை எங்கே வருகிறது என்று பார்ப்பதே சரி.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் டியூபைப் போன தடவை இருந்த பக்கமாகவே மாட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பக்கம் திரும்பியிருந்தால், வால்வுக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளி வந்த பஞ்சர் அடுத்த முறை இடது பக்கம் ஒரு சாண் தள்ளி வரும். பார்ப்பவருக்கு வேறு வேறு இடத்தில் வேறு வேறு முள் குத்தியது போலத் தோன்றும். ஆனால் குத்தியது ஒரே முள்.

இதை நேரில் பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கோடையில் என்னிடம் வந்தார். பின்னால் எப்போதும் சித்தாளும் கரணைச் சாமான் பையும் இருக்கும். மூன்று வாரத்தில் மூன்று பஞ்சர், மூன்றும் வேறு வேறு கடையில் ஒட்டியது. "ரோடெல்லாம் முள்ளுண்ணே, என்ன செய்ய" என்றார். டியூபில் ஒட்டுகளைப் பார்த்தேன். இரண்டு ஒட்டு வால்வுக்கு ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளியில் இருந்தன. மூன்றாவது வால்வுக்கு மறுபக்கம். புதிதாகக் கசிந்தது அந்த மூன்றாவதுக்கு ஒட்டினாற்போல. டியூபை டயர் மேல் வைத்து, முதலில் இருந்தபடி ஒரு தடவையும், புரட்டிப் போட்டு ஒரு தடவையும் பொருத்தினேன். நான்கும் டயரில் உள்ளங்கை அளவு இடத்துக்குள் வந்து விழுந்தன. நான்கும் தரை படும் பக்கத்தில்தான் இருந்தன. டியூபைக் கழுவித் தண்ணீரில் தேடி இவ்வளவும் செய்ய இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்கு மேல் முழு டயரையும் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

அந்த இடத்தைத் தேடுவதற்கு வெறும் விரலைப் பயன்படுத்தாதீர்கள். முள்ளாக இல்லாமல் லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பி மயிராக இருந்தால் விரல் நுனியில் ஏறிவிடும். திருச்சி–ராமேஸ்வரம் ரோட்டில் வெடித்த லாரி டயர்த் துண்டுகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துண்டுகளுக்குள் இருக்கும் கம்பி தலைமுடி கனம்தான், அதுவும் முள்ளைப் போலவே டயருக்குள் ஒளியும். ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து, டயரின் உள்பக்கத்தில் அழுத்தாமல் தடவுங்கள். ஒரு திசையில் தடவி விட்டுவிடக் கூடாது. முனை சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் வழுக்கிப் போகும், எதிர்ப் பக்கம் தடவும்போதுதான் பஞ்சின் இழை மாட்டும். நாலு திசையிலும் தடவ வேண்டும்.

கொத்தனார் டயரில் பஞ்சு எங்கும் மாட்டவில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் "உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லி மாட்டிவிடுகிறார்கள். எடை ஏறினால்தான் முனை வெளியே வரும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அந்த எடையை நாம்தான் கையால் கொடுக்க வேண்டும். டயரைக் கவிழ்த்து முழங்காலில் வைத்து, உள்பக்கம் வெளியே புடைக்கும்படி பின்னோக்கி மடக்கினேன். மடக்கியபடியே வெளிப்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு விரல்கடை தூரமாக நகர்ந்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது, ஒரு இடத்தில் அழுத்தினால் மட்டும் கறுப்பு ரப்பரில் ஒரு புள்ளி பளபளத்தது. விட்டால் மறைந்தது. மறுபடி அழுத்தினால் வந்தது. வெளிப்பக்கம் அதற்கு நேராக, டயர் வெட்டுக்குப் பக்கத்தில், குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளி. அதைப் பார்த்தால் யாரும் செம்மண் என்றுதான் நினைப்பார்கள்.

எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளே தெரிகிற முனையை நகவெட்டியால் கிள்ளி எறிந்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. மீதித் துண்டு ரப்பருக்குள் இருந்து ஓட ஓட மறுபடி நகர்ந்து வரும். கோணூசியின் நுனியை உள்பக்கத்திலிருந்து முள்ளுக்குப் பக்கத்தில் கொடுத்து, அது வந்த வழியிலேயே வெளியே தள்ள வேண்டும். முடியாவிட்டால் மடக்கிப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகவே சிறு இடுக்கியால் உருவலாம். கொத்தனார் வண்டியில் உள்பக்கமாகத்தான் வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன், நொய்யரிசி அளவுதான் இருந்தது. எடுத்த பிறகும் அதே இடத்தை இன்னொரு முறை மடக்கிப் பார்த்தேன், நீங்களும் பார்த்துவிடுங்கள். ஒரே முள் உள்ளேயே இரண்டாக முறிந்து கிடப்பதும் உண்டு.

உங்கள் டியூபில் ஓட்டை தரைப் பக்கம் இல்லாமல் ரிம் பக்கம் இருந்தால், அதாவது டியூபின் உள்வட்டத்தில் இருந்தால், இந்த முள் கதையை விட்டுவிடுங்கள். அங்கே தேட வேண்டியது ரிம்மில். ஸ்போக்ஸ் கம்பியின் முனை ரிம்முக்குள் நீட்டிக்கொண்டு வராமல் மறைக்க ஒரு ரப்பர் பட்டை போட்டிருப்பார்கள். அது வெயிலில் காய்ந்து கிழிந்தோ, ஒரு பக்கம் ஒதுங்கியோ இருந்தால் கம்பி முனை டியூபைத் தின்னும். ஸ்போக்ஸ் இறுக்கிக் கோட்டம் எடுத்த பிறகு பஞ்சர் ஆரம்பித்திருந்தால் இதையே முதலில் சந்தேகப்படலாம். நீட்டிய முனையை அரத்தால் ராவிவிட்டு, துருவைத் தேய்த்துத் துடைத்து, புதுப் பட்டை போட்டால் சரியாகிவிடும். பட்டை விலை ஒரு பஞ்சர் ஒட்டும் கூலிக்கு மேல் போகாது.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல் ஜோடியாக இருந்தால் அது வேறு. காற்று குறைந்த டயர் பள்ளத்திலோ வேகத்தடையிலோ இறங்கும்போது, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்குவதால் வருவது. அதற்கு மருந்து காற்று அளவுதான்.

ஓட்டையே இல்லாமல் பழைய ஒட்டின் விளிம்பிலிருந்து குமிழி வந்தால் ஒட்டுதான் பிழை. டியூபின் மேல் அச்சில் வார்த்த கோடு ஒன்று லேசாக மேடாக ஓடும். அந்த மேட்டை உப்புத்தாளால் சமமாகத் தேய்க்காமல் ஒட்டினால் கோட்டின் ஓரமாகவே காற்று தப்பிக்கும். சொல்யூஷன் தடவியவுடன் ஈரமாக ஒட்டுவதும் பிழை. விரலால் ஓரத்தைத் தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் பொறுக்கலாம். நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் காயும் என்று வெட்டவெளியில் வைக்காதீர்கள், செம்மண் புழுதி படிந்துவிடும். அப்புறம் எந்த ஒட்டும் நிற்காது.

டயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். முள் துளை ஒன்றிரண்டுக்காக மாற்றத் தேவையில்லை. ஆனால் மடக்கிப் பார்க்கும்போது உள்பக்கத்தில் நூல் இழை அறுந்து தெரிந்தாலோ, டயர் கிழிந்து வாய் பிளந்தாலோ மாற்றிவிடுங்கள். அந்தக் கிழிசல் வாய் ஓடும்போது திறந்து மூடி டியூபைக் கவ்விக் கடிக்கும். உள்ளே ரப்பர்த் துண்டு ஒட்டிக் கொஞ்ச நாள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தினமும் பெரிய ரோட்டில் போகிற உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன், பின் டயர் வெடித்தால் வண்டியைப் பிடிக்க முடியாது. நடுவில் வெட்டுகள் அழிந்து வழுவழுப்பாகிவிட்ட டயரும் அப்படித்தான். ரப்பர் கனம் குறைந்துவிட்டதால் ஒரு சின்ன முள்ளும் நேராக டியூப் வரை போய்விடும். அதில் ஒரு முள்ளை எடுத்தால் அடுத்த வாரம் இன்னொன்று ஏறும்.

மாட்டும்போது டயர் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, டியூபில் லேசாகக் காற்று வைத்து, முறுக்கு இல்லாமல் பரப்புங்கள். லீவரால் கடைசி ஒரு சாணை ஏற்றும்போதுதான் டியூபைக் கிள்ளிவிடுவார்கள், அங்கே மட்டும் கையாலும் காலாலும் தள்ளி ஏற்றப் பாருங்கள். காற்று வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவு. ஆள் ஏற்றினால் அதிலேயே தனியாகப் போட்டிருக்கும் கூடுதல் அளவு. வால்வு ரிம்முக்கு நேராக நிற்க வேண்டும். ஓடிய பிறகு சாய்ந்து போனால் டயர் ரிம்மில் நழுவுகிறது, காற்று போதவில்லை என்று பொருள்.

டயரில் போட்ட வால்வுக் கோட்டை மட்டும் அழியாத மாதிரி ஒரு பெயிண்ட் பேனாவால் எழுதி வையுங்கள். பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். மறுபடி இறங்கினால், கடையில் உட்கார்ந்து டியூபை வால்வுக் கோட்டுக்கு நேராக வைத்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். பழைய இடத்திலேயே வந்திருந்தால் முள்ளின் மீதித் துண்டு உள்ளே இருக்கிறது. வேறு இடத்தில் வந்திருந்தால் அது புது முள்.